வன்னி வெக்கையில் சத்தமில்லாமல் ஓடும் வீட்டுத் திரையரங்குக் கணினி: சாமான் வாங்குவதிலிருந்து ரீவியில் கொழுவுவது வரை

பெரிய ரீவிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பார்ப்பதற்காக ஒரு சின்னக் கணினி பூட்ட வேண்டும் என்று வருபவர்கள் அநேகமாக முதலில் கேட்பது எந்த ஃபேன் சத்தமில்லாதது என்றுதான். கேள்வி பிழையான இடத்தில் தொடங்குகிறது. ஃபேன் கத்துவது புரொசெசர் சூடாவதால். புரொசெசர் சூடாவது, சுருக்கி வைத்திருக்கும் படத்தை விரிக்கும் வேலையை, அதாவது டிகோடிங்கை, அதற்கென்றே உள்ள சுற்று செய்யாமல் நான்கு கோரும் சேர்ந்து மூச்சு வாங்கச் செய்வதால். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒழுங்கில் போகும்: முதலில் டிகோடிங் சரியாக வேண்டும், அதற்குப் பிறகுதான் ஃபேனில் கை வைக்க வேண்டும். ஒழுங்கை மாற்றிச் செய்தவர்கள் ஃபேனுக்கும் காசு கொடுத்து, சத்தத்தையும் கேட்டுக்கொண்டு இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இங்கே சொல்வது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க வீடுகளுக்குப் பொருந்தும்படி. மத்தியானம் அறைக்குள்ளேயே 33, 34 பாகை, சோளகக் காற்று காலத்தில் கிறவல் ரோட்டுத் தூசி, எர்த் சரியில்லாத வயரிங் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் எழுதுகிறேன்.

## 1. கடைக்குப் போக முன் ரீவியைப் பாருங்கள்

ரீவி 1080பி மட்டும்தானா, 4கேயா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். 1080பி என்றால் பத்து வருடப் பழைய அலுவலகக் கணினியே பெரும்பாலும் போதும், கீழே வரும் செலவில் பாதி தேவையில்லை. 4கே என்றால், ரீவியின் பின்பக்கத்தில் எத்தனை எச்டிஎம்ஐ துளைகள், எது சவுண்ட்பாருக்குப் போயிருக்கிறது, கணினி வைக்கும் இடத்திலிருந்து துளை வரை எத்தனை மீற்றர் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேபிள் இரண்டு மீற்றருக்குள் முடிந்தால் பிற்பாடு பல தலையிடி இல்லை.

அடுத்தது, நீங்கள் உண்மையிலேயே என்ன பார்க்கிறீர்கள் என்பது. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் ஹார்ட்டிஸ்க்கில் கொண்டுவந்து தரும் பெரிய 4கே படங்கள் பெரும்பாலும் எச்ஈவிசி 10 பிட். யூடியூப் விபி9 அல்லது ஏவி1. பழைய படங்கள் எச்.264. படம் சுருக்கப்படும் முறைகளின் இந்த நான்கு பெயரையும் நினைவில் வைத்தால் புரொசெசர் தெரிவு தானாக வரும்.

## 2. புரொசெசர்: எஃப் என்ற எழுத்து இருந்தால் வாங்க வேண்டாம்

நாங்கள் பூட்டியது இன்டெல் கோர் ஐ3-12100. நான்கு கோர். அதற்குள்ளேயே இருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸ், மேலே சொன்ன நான்கு வகையையும் தனிச் சுற்றில் விரிக்கும், ஏவி1 உட்பட.

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான்: ஐ3-12100எஃப் என்று இன்னொன்று இருக்கிறது, விலை கொஞ்சம் குறைவு, கடையில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அதில் உள் கிராபிக்ஸ் வேலை செய்யாது. பூட்டி முடித்து எச்டிஎம்ஐ கொழுவினால் ரீவியில் ஒன்றும் வராது, பிறகு தனி கிராபிக்ஸ் கார்ட் வாங்க வேண்டும், அதோடு இன்னொரு ஃபேன், இன்னொரு சூடு. பெட்டியில் உள்ள எழுத்தை நீங்களே வாசித்து வாங்குங்கள்.

பாவித்த சாமான் வாங்குவதென்றால் தலைமுறையைப் பாருங்கள். இன்டெல் 6ஆம் தலைமுறை எச்ஈவிசி 8 பிட்டை ஒழுங்காக விரிக்கும், 10 பிட்டில் தடுமாறும். 7ஆம் தலைமுறையிலிருந்து 10ஆம் தலைமுறை வரை எச்ஈவிசி 10 பிட்டும் விபி9உம் சரி, ஏவி1 இல்லை. 11ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏவி1. ஹார்ட்டிஸ்க் படங்கள் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு 7ஆம் தலைமுறைச் சின்ன அலுவலகக் கணினி நல்ல வாங்கல், ஆனால் அவற்றின் எச்டிஎம்ஐ துளை பெரும்பாலும் பழைய 1.4 ஆக இருக்கும், 4கேயை நொடிக்கு 30 தடவைக்கு மேல் அனுப்பாது. அதில் டிஸ்பிளேபோர்ட் துளை இருந்தால், அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0க்கு மாற்றும் ஆக்டிவ் வகை அடப்டர் தேட வேண்டும்.

எதிலும் விரியாத ஒன்றும் இருக்கிறது. எச்.264 10 பிட், ஜப்பானியக் கார்ட்டூன் சேர்ப்பவர்களிடம் நிறைய இருக்கும். இந்த இன்டெல் சுற்றுகள் அதை எடுக்காது, புரொசெசர்தான் விரிக்கும். 12100க்கு 1080பி அளவில் அது பெரிய பாரமில்லை, ஆனால் சோதனைக்கு அந்தக் கோப்பை எடுத்துவைத்து "டிகோடிங் வேலை செய்யவில்லை" என்று பதற வேண்டாம்.

## 3. மற்றச் சாமான்கள்

மதர்போர்ட் எச்610 வகை போதும். ஆனால் ஒரே எச்610 பெயரில் வரும் போர்ட்களில் எச்டிஎம்ஐ வேறுபடும். தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் எச்டிஎம்ஐ என்ற வரியில் `4096x2160@60Hz` என்று இருக்க வேண்டும். `@30Hz` என்றிருந்தால் விடுங்கள். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் வாங்கினால், மவுஸ் அம்பு ரீவியில் தத்தித் தத்தி ஓடும்போதுதான் தெரியவரும்.

ராம் 8 ஜிபி ஒன்றாக வாங்காமல் 4 ஜிபி இரண்டாக வாங்குங்கள். உள் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, இந்த ராமில்தான் பங்கு போடும், இரண்டு துளையிலும் இருந்தால் வழி இரட்டிக்கும். சிஸ்டத்துக்கு 250 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. படங்களை வெளி ஹார்ட்டிஸ்க்கில் வையுங்கள், சுழலும் ஹார்ட்டிஸ்க்கைப் பெட்டிக்குள் பூட்டினால் அதன் இரைச்சல் தகரத்தில் பரவும்.

பவர் சப்ளைக்கு 300 வாட் தாராளம், படம் ஓடும்போது முழுக் கணினியும் 40 வாட்டைத் தாண்டுவது அரிது. பெட்டியைத் தெரியும்போது அழகைவிட ஒன்றைப் பாருங்கள்: முன்பக்கமோ பக்கவாட்டோ 120 மில்லிமீற்றர் ஃபேன் பூட்ட இடம் இருக்க வேண்டும். சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுழல வேண்டும், வேகம்தான் கீச்சிடும். 80 மில்லிமீற்றர் ஃபேன் மட்டும் போகக்கூடிய மெல்லிய பெட்டி எங்கள் வெக்கைக்குச் சரிவராது.

## 4. ஒன்றையும் கொழுவ முன் எர்த்தைச் சோதியுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. அதனால்தான் இதற்குக் கூடுதலாக இடம் கொடுக்கிறேன்.

கணினியின் பவர் சப்ளைக்குள், மின் இரைச்சலை வடிகட்ட, லைனுக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு சின்னக் கபாசிட்டரும், நியூட்ரலுக்கும் தகரத்துக்கும் இடையில் இன்னொன்றும் இருக்கும். எர்த் நன்றாக இருந்தால் அவற்றால் கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் இரண்டு கபாசிட்டரும் 230 வோல்ட்டை நடுவில் பிரிக்கும், கணினியின் தகரம் ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். கையை வைத்தால் சுரீரென்று ஒரு கூச்சம் வரும். ஆளுக்கு அநேகமாக ஆபத்தில்லாத அளவு, ஆனால் எச்டிஎம்ஐ துளைக்கு ஆபத்து. ரீவிக்குப் பின்னால் டிஷ் அன்ரெனாவின் கம்பி மண்ணோடு தொட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் 115 வோல்ட், அந்தப் பக்கம் மண், நடுவில் நீங்கள் கொழுவும் எச்டிஎம்ஐ கேபிள்.

மல்லாவிப் பக்கம் ஒரு வீட்டுத்திட்ட வீட்டில் நாங்கள் பூட்டிய முதல் கணினி இப்படித்தான் போனது. ரீவியும் கணினியும் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைச் செருகினோம், சின்னப் பொறி ஒன்று, ரீவியின் அந்தத் துளை அதோடு முடிந்தது. சுவரில் மூன்று முள் துளை அழகாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் எர்த் வயர் எங்கேயும் போகவில்லை.

சோதிப்பது இப்படி: கணினியைச் சுவரில் கொழுவி, எச்டிஎம்ஐ இல்லாமல், மல்ரிமீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முள்ளைக் கணினியின் வண்ணமடிக்காத தகரத்திலும் மற்றதை ரீவியின் எச்டிஎம்ஐ துளையின் உலோக விளிம்பிலும் பிடியுங்கள். ஓரிரு வோல்ட் என்றால் சரி. 50, 100 என்று ஏறினால் எச்டிஎம்ஐயைத் தொடவே வேண்டாம், வயரிங் செய்பவரைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். எர்த் கம்பி இருக்கும் வீட்டிலும் ஆவணியில் நிலம் காய்ந்து வெடித்திருக்கும்போது அது ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம், மழைக்காலத்தில் சோதித்ததை நம்பி இருக்க வேண்டாம். மூன்று முள்ளை இரண்டு முள்ளாக்கும் அடப்டரை இந்தக் கணினிக்குப் பாவிக்கவே கூடாது.

எர்த் நன்றாக இருந்தாலும் ஒரு பழக்கம்: எச்டிஎம்ஐயைச் செருகும்போது ரீவி, கணினி இரண்டின் பிளக்கும் சுவரிலிருந்து கழற்றப்பட்டிருக்கட்டும், டிஷ் கம்பியும் கழன்றிருக்கட்டும்.

## 5. பெட்டிக்கு வெளியே ஒருமுறை ஓட விடுங்கள்

மதர்போர்ட்டை அது வந்த காட்போர்ட் பெட்டியின் மேல் வைத்து, புரொசெசர், ராம், எஸ்எஸ்டி, கூலர் மட்டும் பூட்டி, ஓட விட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் பெட்டிக்குள் இறுக்கிவிட்டு "படம் வரவில்லை" என்றால் மறுபடி அத்தனை ஸ்குரூவும் கழற்ற வேண்டும்.

புரொசெசரோடு வரும் கூலரில் பேஸ்ட் ஏற்கனவே பூசியிருக்கும், மேலே இன்னும் பூச வேண்டாம். தனியாக வாங்கிய கூலர் என்றால் எல்ஜிஏ1700 சொக்கெட்டுக்குரிய பிடி அதோடு இருக்கிறதா என்று வாங்க முன் பாருங்கள், அடியில் ஒட்டியிருக்கும் ஒளி ஊடுருவும் தாளை மறக்காமல் உரியுங்கள். அந்தத் தாளோடு பூட்டி, ஒரு கிழமை ஃபேனைத் திட்டியவர்களைத் தெரியும்.

கூலரின் நான்கு முள் வயர் `CPU_FAN` என்று எழுதிய இடத்துக்குத்தான் போக வேண்டும். வேறு இடத்தில் கொழுவினால் போர்ட் அதைப் புரொசெசர் ஃபேன் என்று கணக்கெடுக்காது.

## 6. பயோஸில் இரண்டு விடயம் மட்டும்

ஒன்று, கரண்ட் போய் வந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு. `Restore AC Power Loss` அல்லது அதையொத்த பெயரில் இருக்கும், `Power Off` என்று வையுங்கள். இங்கே கரண்ட் வரும்போது ஒரே தடவையில் வராது, இரண்டு மூன்று முறை வெட்டி வெட்டித்தான் வரும். அந்த நேரம் கணினி தானாக எழும்பி எழும்பி விழுந்தால் எஸ்எஸ்டியில் உள்ள கோப்புகள் கெட்டுப்போகும்.

இரண்டாவது, நீண்ட நேர மின் வரம்பை மாற்ற உங்கள் போர்ட் விட்டால் 35 வாட் என்று வையுங்கள். படம் பார்க்க இது குறையாகத் தெரியாது, டிகோடிங் எடுபடாத கோப்பு ஒன்று வந்தாலும் சூடு கட்டுக்குள் நிற்கும். ஃபேன் அமைப்பை இப்போது தொட வேண்டாம்.

## 7. டிகோடிங்கைக் கண்ணால் கண்டு உறுதி செய்யுங்கள்

கணினியில் உபுண்டு 24.04 இயங்குதளத்தைப் போட்ட பிறகு முதலில் செய்ய வேண்டியது இது. படம் ஓடுகிறது என்பதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். 12100 பல படங்களைப் புரொசெசராலேயே தள்ளி ஓட்டிவிடும், அறை குளிராக இருக்கும் காலையில் சோதித்தால் சத்தம்கூட வராது. சித்திரை மாத மத்தியானம்தான் உண்மை தெரியும்.

```
sudo apt install intel-media-va-driver vainfo mpv
sudo apt install intel-gpu-tools lm-sensors
vainfo
```

`vainfo` நீளமான பட்டியல் ஒன்று தரும். அதில் இந்த மூன்று வரியைத் தேடுங்கள்:

```
VAProfileHEVCMain10   : VAEntrypointVLD
VAProfileVP9Profile2  : VAEntrypointVLD
VAProfileAV1Profile0  : VAEntrypointVLD
```

வலப்பக்கம் `VLD` என்று முடிவதுதான் விரிக்கும் வேலை. `Enc` என்பது உள்ள வரிகள் படம் சுருக்குவதற்கு, நமக்குத் தேவையில்லை. பட்டியலுக்குப் பதிலாகப் பிழைச் செய்தி வந்தால் அநேகமாக டிரைவர் பொதி ஏறவில்லை.

பட்டியலில் இருப்பது, அந்த வேலையைச் செய்யக்கூடிய சுற்று இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். பிளேயர் அதைப் பாவிக்கிறதா என்பது வேறு கேள்வி. பெரிய 4கே எச்ஈவிசி படம் ஒன்றை டெர்மினலிலிருந்து ஓட்டுங்கள்:

```
mpv --hwdec=vaapi padam.mkv
```

`Using hardware decoding (vaapi).` என்ற வரி வந்தால் சரி. அந்த வரி இல்லையென்றால் புரொசெசர்தான் உழைக்கிறது. பெரும்பாலானோர் விடும் பிழை இங்கேதான்: எம்பிவி பிளேயர் தானாக வன்பொருளைத் தேடாது, சொன்னால்தான் பாவிக்கும். ஒவ்வொரு முறையும் சொல்லாமலிருக்க `~/.config/mpv/mpv.conf` என்ற கோப்பில் எழுதிவிடுங்கள்:

```
hwdec=vaapi
fs=yes
```

இன்னொரு டெர்மினலில் `sudo intel_gpu_top` ஓட விட்டு, படம் ஓடும்போது `Video` என்ற வரி அசைகிறதா என்று பாருங்கள். யூடியூபுக்கும் இதே சோதனைதான், பிரவுசர் ஓடும்போது அந்த வரி பூச்சியத்தில் நின்றால் பிரவுசர் தானே விரித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் கணினியில் கண்டதைச் சொல்கிறேன். ஒரே படம், ஒரே மத்தியானம். `hwdec` இல்லாமல் நான்கு கோரும் பாதிக்கு மேல் நிரம்பி, `sensors` 70 பாகையைத் தாண்டிக் காட்டியது, ஃபேன் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டது. அந்த ஒரு வரியைச் சேர்த்து, பத்து நிமிடம் விட்டுப் பார்த்தால் கோர்கள் பத்து வீதத்துக்குக் கீழே, சூடு 50க்கு அருகில். ஒரு சாமானும் மாற்றவில்லை.

## 8. இப்போது ஃபேன்

டிகோடிங் உறுதியான பிறகு, பெட்டிக்குள் பூட்டி மூடி, ரீவிக்குக் கீழே உண்மையில் வைக்கப்போகும் இடத்தில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். மேசையில் திறந்து வைத்துச் சரிப்படுத்திய அளவு அலுமாரிக்குள் போனதும் பொய்யாகிவிடும்.

பயோஸின் ஃபேன் பகுதியில் புரொசெசர் ஃபேன் 60 பாகை வரை ஒரே மெதுவான வேகத்தில், சுமார் 35 வீதத்தில், நிற்கட்டும். 75இல் 60 வீதம், 90இல் முழு வேகம். 60 வரை ஏன் அசையக் கூடாது என்றால், காதை உறுத்துவது அளவான ஒரே சத்தம் அல்ல, ஏறி இறங்கும் சத்தம். அறையே 34 பாகையில் இருக்கும்போது புரொசெசர் சும்மா 45இல் நிற்கும். தொழிற்சாலை அமைப்பில் அந்த 45இலேயே ஃபேன் ஏறத் தொடங்கி, படத்தில் மௌனமான காட்சி வரும்போதெல்லாம் மூச்சு விடுவது கேட்கும். இந்தப் புரொசெசர் 100 பாகையில்தான் தன்னைத் தானே மெதுவாக்கும், ஆகவே 60 பயப்பட வேண்டிய இலக்கமல்ல. ஃபேனை முழுக்க நிறுத்தி வைக்கும் அமைப்பு குளிர் நாட்டவர்களுக்கு, எங்களுக்கு வேண்டாம்.

பெட்டியில் 120 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்றைக் காற்றை உள்ளே இழுக்கும்படி, நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்றுக்குள் வைத்து, அதற்கு முன்னால் மெல்லிய வலை வடிகட்டி ஒன்று போடுங்கள். வெளியே தள்ளும்படி வைத்தால் பெட்டியின் ஒவ்வொரு வெடிப்பாலும் தூசி உறிஞ்சப்படும். உள்ளே இழுத்தால் தூசி ஒரே இடத்தில், வடிகட்டியில், தங்கும், அதைக் கழற்றிக் கழுவலாம். சோளகம் வீசும் மாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள். ஃபேன் முள்ளின் எண்ணிக்கையையும் பாருங்கள்: மூன்று முள் ஃபேனுக்குப் பயோஸில் `DC` என்றும் நான்கு முள்ளுக்கு `PWM` என்றும் இருக்க வேண்டும். மூன்று முள்ளை `PWM` இல் விட்டால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும்.

ரீவி அலுமாரியின் பின்பலகையை வெட்டிவிடுங்கள், அல்லது கணினியை வெளியே வையுங்கள். விட்ட சூட்டுக் காற்றையே திரும்ப இழுத்தால் எந்த ஃபேனும் உதவாது.

## 9. ரீவியில் கொழுவிய பிறகு

4கே 60, அதாவது நொடிக்கு 60 தடவை, வர ரீவியிலும் அனுமதி கொடுக்க வேண்டும். சாம்சங்கில் `Input Signal Plus`, எல்ஜியில் `HDMI Ultra HD Deep Colour`, சோனியில் `HDMI signal format` என்பதை `Enhanced format` ஆக மாற்றுவது. இது ஒவ்வொரு துளைக்கும் தனித்தனி, கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் மறுபடி செய்ய வேண்டும்.

ஓரங்கள் வெட்டுப்பட்டு மெனுவின் பாதி தெரியாமல் இருந்தால், அது ரீவி படத்தைப் பெருப்பித்துக் காட்டுவது. எல்ஜியில் `Just Scan`, சாம்சங்கில் `Fit to screen`. இதைக் கணினியில் அளவைக் குறைத்துச் சரிக்கட்ட வேண்டாம், எழுத்துக்கள் மங்கும்.

இருட்டுக் காட்சிகளில் தலைமுடியும் சுவரும் ஒரே கறுப்புக் குட்டையாகத் தெரிந்தால் கறுப்பின் அளவு ஒத்துப்போகவில்லை: கணினி முழு வீச்சில் அனுப்ப, ரீவி குறுகிய வீச்சு என்று எடுத்துக்கொள்கிறது. ரீவியின் எச்டிஎம்ஐ கறுப்பு மட்ட அமைப்பை மாற்றிப் பாருங்கள். மாறாகக் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் மற்றப் பக்கத்துக்குத் திருப்புங்கள்.

நட்சத்திரம் போலப் புள்ளிகள் மின்னினால், அல்லது ஓரிரு நொடி திரை கறுத்துத் திரும்பினால் அது கேபிள். 4கே 60ஐ 30 ஆகக் குறைத்துப் பாருங்கள், மின்னல் நின்றால் சந்தேகமே இல்லை. `Premium High Speed` என்று அச்சிட்ட, நீளம் குறைந்த கேபிள் ஒன்று வாங்குங்கள்.

சத்தம் வரவில்லையென்றால் பெரும்பாலும் பழுதல்ல, உபுண்டுவின் ஒலி அமைப்பில் வெளியீடு எச்டிஎம்ஐயில் இல்லை. ரீவி ரிமோட்டால் கணினியை இயக்க முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். சாதாரண மதர்போர்ட்டின் எச்டிஎம்ஐ அந்தச் செய்தியை வாங்காது, வயரில்லாத சின்னக் கீபோர்ட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

## 10. இடி இடிக்கும் மாதங்கள்

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி வரும்போது சுவர்ப் பிளக்கை மட்டும் கழற்றுவது போதாது. டிஷ் கம்பியால் ரீவிக்கு வந்து, எச்டிஎம்ஐயால் கணினிக்கு இறங்கும் வழி ஒன்று திறந்தே இருக்கும். முதலில் டிஷ் கம்பி, அடுத்தது இரண்டு பிளக்கும், இணையம் வயரால் வந்தால் அந்த வயரும். திரும்பக் கொழுவும்போது, எச்டிஎம்ஐயையும் கழற்றியிருந்தால் அது முதலில், கரண்ட் கடைசியில்.